மெத்தோட்ரெக்சேட் தாளைப் படமெடுத்துக் குறிப்பாக்கும்போது ‘வாரம் ஒருமுறை’ எங்கே தொலைகிறது?

அம்மாவுக்கு முடக்குவாதம் என்று உறுதியான அன்று மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் எழுதிக்கொடுத்தார். மருந்துக் கடையில் வாங்கிய அட்டையோடு, பெட்டிக்குள் பல மடிப்பாக ஒரு தாளும் இருந்தது. விரித்தால் சாப்பாட்டு மேசையில் பாதியை மூடும் அளவு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி பார்த்தார். “இதுல என்னடா போட்டிருக்கு? எனக்கு வேண்டியதை மட்டும் தமிழ்ல எழுதிக் குடு” என்றார்.

கேட்க எளிய வேலைதான். தாளைப் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளில் போட்டு உரையாக்கி, பக்க விளைவுகளையும் அளவு எச்சரிக்கைகளையும் பிரித்து வரிவரியாக எழுத வேண்டும். மற்ற பல மருந்துகளுக்கு இதில் சின்னத் தவறு நேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மெத்தோட்ரெக்சேட்டில் அப்படி விட முடியாது. முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். அதைத் தவறுதலாகத் தினமும் எடுத்துக்கொண்டவர்கள் உலகின் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். இந்தத் தவறைத் தடுக்கவே ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் பெட்டியிலும் தாளிலும் தெளிவான எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று புதிய நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது. ஆகவே இந்த ஒரு தாளை வைத்தே, படத்திலிருந்து குறிப்பு வரைக்கும் போகும் வழியில் எது எங்கே நழுவுகிறது என்று சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நோயாளி படிப்பதற்கென்றே எளிய மொழியில் தனித் தாள் கட்டாயம். எழுத்து குறைந்தது 9 புள்ளி அளவாவது இருக்க வேண்டும் என்று அங்கே வழிகாட்டுதலும் உண்டு. எங்கள் கையில் இருந்தது அந்த வகை இல்லை. பதிவுபெற்ற மருத்துவரின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று மேலேயே அச்சிட்டிருந்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் புழங்கிய மருந்துக் குறிப்பின் வாசகத்தை ஒட்டிய ஆங்கிலம், பொடி எழுத்து, பின்பக்க அச்சு முன்னால் தெரியும் மெல்லிய தாள். எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: மெத்தோட்ரெக்சேட் ஒரே நோய்க்கான மருந்து அல்ல. முடக்குவாதம், சொரியாசிஸ், சில புற்றுநோய்கள் எல்லாவற்றுக்குமான அளவுகள் அதே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. சிக்கல் பிறக்கும் இடம் அதுதான்.

படமெடுப்பதில் நான் செய்த முதல் தவறு, முழுத் தாளையும் ஒரே படத்தில் அடக்கியது. கைப்பேசித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஆங்கிலச் சின்ன எழுத்தின் உடல் பகுதி, அதாவது எக்ஸ் என்ற எழுத்தின் உயரம், படத்தில் ஏறக்குறைய 20 பிக்சலாவது இருந்தால்தான் எழுத்துணரி தடுமாறாமல் படிக்கும். 5 புள்ளி அச்சில் அந்த உயரம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால், 12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 16 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் பரப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. 30 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் தாள் என்றால் குறைந்தது 4 படம். ஒவ்வொன்றும் பக்கத்துப் படத்தோடு ஓரிரு வரி சேர்ந்து வரும்படி எடுக்க வேண்டும். இல்லையென்றால் மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி எந்தப் படத்திலும் இல்லாமல் போகும், போனதும் தெரியாது.

பின்பக்க எழுத்து தெரியாமல் இருக்கத் தாளின் அடியில் கறுப்புக் காகிதம் ஒன்றை வைத்தால் போதும். வெள்ளை மேசைதான் பின்பக்க மையை முன்னால் காட்டிக்கொடுக்கிறது. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சம் போதும்.

தாளில் மூன்று பத்திகள் அருகருகே இருந்தன. முழுப் படத்தையும் அப்படியே கொடுத்தால், சில சமயம் மென்பொருள் இடப்பத்தியின் முதல் வரியைப் படித்துவிட்டு அப்படியே வலப்பத்தியின் முதல் வரிக்குத் தாவிவிடும். இரண்டு அரை வாக்கியங்கள் ஒட்டி ஒரு முழு வாக்கியம் போல நிற்கும். அதனால் ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டி, பிறகு இப்படிப் படிக்க வைத்தேன்:

```
convert col2.jpg -colorspace Gray -deskew 40% col2.png
tesseract col2.png col2 -l eng --psm 6
grep -nE '[0-9]' col2.txt
```

முதல் வரி படத்தின் நிறத்தை நீக்கிச் சாய்வை நிமிர்த்துகிறது. இரண்டாவது வரி எழுத்தாக மாற்றுகிறது. கடைசியில் வரும் 6 என்ற எண், இது ஒரே பத்திதான், குறுக்கே வேறு பத்தி தேடாதே என்று சொல்வதற்கு. மூன்றாவது வரி, எண் வருகிற எல்லா வரிகளையும் வரி எண்ணோடு எடுத்துக் கொடுக்கிறது. எனக்கு மிகவும் உதவியது இந்த மூன்றாவதுதான்.

காரணம் இருக்கிறது. எழுத்துணரி ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். அகராதியில் இல்லாத ஏதோ ஒன்றாக நிற்கும். எண்ணில் அப்படி இல்லை. 7.5 என்பதில் புள்ளி விழாமல் போனால் 75 என்று வரும். 75 ஒரு நல்ல எண். தான் எவ்வளவு உறுதியாகப் படித்தது என்று சொல்லுக்குச் சொல் மதிப்பெண் கொடுக்கும் வசதி மென்பொருளில் உண்டு. ஆனால் 7, 5 இரண்டையும் அது தெளிவாகப் பார்த்திருப்பதால் அந்த மதிப்பெண்ணும் உயர்ந்தே இருக்கும். அதை நம்பிப் பயனில்லை. எண் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எங்கள் தாளின் அளவுப் பகுதியில் அப்படி இருபது வரிகளுக்குள்தான் இருந்தன. கால் மணி நேர வேலை.

கையில் இருக்கும் மாத்திரையோடும் ஒரு சரிபார்ப்பு வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் அட்டையில் இருப்பது 2.5 மி.கி. மாத்திரை. 7.5 மி.கி. என்றால் மூன்று மாத்திரை. 75 என்றால் முப்பது மாத்திரை. அங்கேயே பிடிபட்டுவிடும். ஆனால் 2.5 என்பது 25 ஆகிவிட்டால் இந்தச் சரிபார்ப்பு கைகொடுக்காது. முடக்குவாதத்தில் வாரம் 25 மி.கி. வரை கொடுக்கும் மருத்துவர்கள் இருப்பதால் அந்த எண் நம்பும்படியாகவே இருக்கும். இந்த இடத்தில் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி அந்த வரிகளுக்கு வருவோம். முடக்குவாதத்துக்கான தொடக்க அளவாகத் தாள் இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, வாரம் ஒருமுறை 7.5 மி.கி. இன்னொன்று எழுத்துணரியிலிருந்து இப்படி வந்தது:

```
2. Divided oral dosages of 2.5 mg at 12
hour intervals for 3 doses given as a
course once weekly.
```

ஒரு பிழையும் இல்லாமல்தான் வந்திருக்கிறது. 12 மணி நேர இடைவெளியில் 2.5 மி.கி. வீதம் மூன்று தடவை. அந்த மூன்று தடவையும் சேர்ந்து ஒரு சுற்று. அந்தச் சுற்று வாரம் ஒருமுறை. மொத்தம் அதே 7.5 மி.கி.தான். ஆனால் உயிரைக் காக்கும் சொல் மூன்றாவது வரியில் போய் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். வரிவரியாக எடுத்துக் குறிப்பாக்குகிறவர், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2.5 மி.கி. என்று கண்டதும் அளவு கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தத் தோன்றும். அப்படி எழுதிய குறிப்பைப் படிக்கிற அம்மா காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நாள்தோறும் எடுப்பார். ஒரு வாரத்தில் 35 மி.கி.

இதோடு முடியவில்லை. அதே பத்தியில் கொஞ்சம் மேலே கோரியோகார்சினோமா என்ற, நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோய்க்கான அளவு இருக்கிறது. 15 முதல் 30 மி.கி. வரை, தினமும், ஐந்து நாள். அது அந்த நோய்க்குச் சரியான அளவு. அளவு என்று கண்ட வரிகளையெல்லாம் திரட்டி ஒரே தலைப்பின்கீழ் அடுக்கினால், தினமும் என்ற சொல் முடக்குவாதக்காரரின் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். மென்பொருள் தவறாகப் படித்ததால் வந்த ஆபத்து இல்லை இது. சரியாகப் படித்த வரியை அதன் தலைப்பிலிருந்து பிய்த்து எடுத்ததால் வந்தது.

இதற்கு நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. குறிப்பு எழுதத் தொடங்கும் முன் உரை முழுவதிலும் ஒவ்வொரு வரியின் முன்னாலும் அது எந்த நோயின் தலைப்புக்குக் கீழ் வருகிறது என்று ஒரு சொல் எழுதிவிடுவேன். முடக்குவாதம், சொரியாசிஸ், புற்று, பொது. அம்மாவின் பட்டியலுக்கு முதலாவதும் கடைசியும் மட்டும். மற்றவற்றை அழிப்பதில்லை, தனியாக ஒதுக்கி வைப்பேன். எதை விட்டேன் என்று பிறகு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா.

பக்க விளைவுகளில் சிக்கல் வேறு வகை. முடக்குவாத நோயாளிகள் 128 பேரிடம், வாரம் 7.5 முதல் 15 மி.கி. வரை கொடுத்து, 12 முதல் 18 வாரம் பார்த்த ஆய்வுகளிலிருந்து தாள் விகிதங்களைத் தருகிறது. கல்லீரல் சோதனை அளவுகள் கூடுவது 15 சதவீதம். குமட்டல், வாந்தி 10 சதவீதம். வாய்ப்புண்ணும், ரத்தத் தட்டணுக்கள் குறைவதும் 3 முதல் 10 சதவீதத்துக்குள். தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், தலைச்சுற்றல், வெள்ளணு குறைதல், எல்லா ரத்த அணுக்களும் சேர்ந்து குறைதல் எல்லாம் 1 முதல் 3 சதவீதத்துக்குள்.

இந்த வரிசையை அப்படியே பட்டியலாக்கினால் அழகாக இருக்கும். ஆனால் முடி உதிர்தலும் எல்லா ரத்த அணுக்களும் குறைவதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எத்தனை பேருக்கு வருகிறது என்பது ஒரு கேள்வி. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வேறொரு கேள்வி. வீட்டில் இருக்கிறவருக்கு வேண்டியது இரண்டாவதற்கான பதில். அந்தப் பதில் தாளின் வேறொரு மூலையில், கட்டம் கட்டிய எச்சரிக்கைப் பகுதியில் இருக்கிறது. வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வந்தால் மருந்தை நிறுத்த வேண்டும், விட்டால் குடலில் ரத்தக்கசிவும் ஓட்டையும் விழுந்து சாவில் முடியலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறது. வறட்டு இருமல் நுரையீரல் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்பதும் அங்கேதான் வருகிறது. விகிதப் பட்டியலில் சாதாரணமாகத் தோன்றும் வாய்ப்புண், எச்சரிக்கைக் கட்டத்தில் நிறுத்த வேண்டிய அறிகுறி. இரண்டு இடத்தையும் சேர்த்துப் பார்க்காமல் தொகுத்தால், அடிக்கடி வருவது என்ற தலைப்பின்கீழ் வாய்ப்புண்ணைப் போட்டுவிட்டு, சகஜம்தான் போல என்று அம்மா இருந்துவிடுவார்.

அதனால் விகிதப்படி தொகுப்பதை விட்டுவிட்டுச் செய்ய வேண்டியதன்படி தொகுத்தேன். விகிதத்தை வரியின் கடைசியில் அடைப்புக்குள் போட்டேன்.

வினைச்சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் பற்றித் தாள் மூன்று இடங்களில் பேசுகிறது. மெத்தோட்ரெக்சேட்டை அதிக அளவில் கொடுக்கும்போது இவற்றைச் சேர்க்கக் கூடாது என்கிறது ஓரிடம். குறைந்த அளவிலும் கவனம் வேண்டும் என்கிறது இன்னோரிடம். முடக்குவாத ஆய்வுகளில் இவற்றை மாறாத அளவில் சேர்த்தே கொடுத்தார்கள், தொல்லை தெரியவில்லை என்கிறது மூன்றாவது. மூட்டுவலிக்காரர் வீட்டில் டைக்ளோஃபெனாக் இல்லாமல் இருக்காது. எடுக்கவே கூடாது என்று எழுதினால் மருத்துவர் யோசித்துக் கொடுத்ததையும் நிறுத்திவிடுவார். ஒன்றும் எழுதாமல் விட்டால் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வார். தாளின் வினைச்சொல் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவுதான் தமிழிலும் இருக்க வேண்டும். கூடாது என்பதற்குக் கூடாது. கவனம் என்பதற்கு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு. நேர்ந்ததாகத் தெரிகிறது என்பதற்கு, சிலருக்கு நேர்ந்திருக்கிறது.

என்னை அதிகம் உட்காரவைத்தது ஃபோலிக் அமிலத்தைப் பற்றிய ஒரு வரி. ஃபோலிக் அமிலம் சேர்ந்த வைட்டமின் மாத்திரைகள் மெத்தோட்ரெக்சேட்டின் பலனைக் குறைக்கலாம் என்று தாள் சொல்கிறது. ஆனால் அம்மாவின் மருந்துச் சீட்டிலோ மெத்தோட்ரெக்சேட் இல்லாத நாளில் ஃபோலிக் அமிலம் என்று மருத்துவரே எழுதியிருந்தார். தாள் பொய் சொல்லவில்லை. மெத்தோட்ரெக்சேட் உடலில் ஃபோலேட்டின் வேலையைத் தடுத்துத்தான் செயல்படுகிறது, ஆகவே அந்த வரிக்கு நியாயம் உண்டு. ஆனால் முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் குறைந்த அளவில், வாய்ப்புண்ணையும் குமட்டலையும் கல்லீரல் அளவு கூடுவதையும் குறைக்கவே மருத்துவர்கள் வேண்டுமென்று ஃபோலிக் அமிலம் சேர்க்கிறார்கள். அந்த வரியைத் தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பில் நான் போட்டிருந்தால், அம்மா தன்னைக் காக்கும் மாத்திரையை நிறுத்தியிருப்பார். தாளும் சீட்டும் முரண்படும் இடத்தை நானே தீர்த்து எழுதக் கூடாது. இரண்டையும் எழுதி, கேட்க வேண்டியது என்று தனியாக வைக்க வேண்டும்.

கடைசியில் வந்த குறிப்பின் முதல் வடிவம் இது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் படம், எத்தனையாவது வரி என்று எழுதியிருந்தேன், இடம் கருதி இங்கே விட்டிருக்கிறேன்.

எடுக்கும் முறை (முடக்குவாதத்துக்கு மட்டும்)
- வாரத்தில் ஒரே நாள். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.
- தொடக்கம் 7.5 மி.கி. நம் அட்டை 2.5 மி.கி. என்பதால் 3 மாத்திரை. அட்டை மாறினால் எண்ணிக்கையும் மாறும்.
- வாரம் 20 மி.கி.க்கு மேல் போனால் கடுமையான பாதிப்புகள், முக்கியமாக எலும்பு மஜ்ஜை பாதிப்பு, கூடுகின்றன.

உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டியவை
- வாய்ப்புண் (3–10%), வயிற்றுப்போக்கு (1–3%).
- வறட்டு இருமல், மூச்சுத் திணறல்.
- ரத்த அணுக்கள் குறைதல். வெளியே தெரிவது: காய்ச்சல், தொண்டைவலி, காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு (இந்த அறிகுறிகள் நான் சேர்த்தவை, தாளில் இந்த இடத்தில் இல்லை).

அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டியவை
- குமட்டல், வாந்தி (10%), முடி உதிர்தல், தலைச்சுற்றல் (1–3%).

பெரும்பாலும் சோதனையில் தெரிபவை
- கல்லீரல் அளவுகள் கூடுதல் (15%), தட்டணு குறைதல் (3–10%). மருத்துவர் சொன்ன தேதியில் ரத்தச் சோதனை தவறக் கூடாது.

மருத்துவரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டியவை
- வலி மாத்திரைகள். கோ-ட்ரைமோக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை.

கேட்க வேண்டியது
- ஃபோலிக் அமிலம்: தாள் ஒன்று சொல்கிறது, சீட்டு ஒன்று சொல்கிறது.

அட்டை மாறினால் எண்ணிக்கையும் மாறும் என்ற வாசகத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 7.5, 10, 15 மி.கி. மாத்திரைகளும் கடையில் கிடைக்கின்றன. இருப்பு இல்லை என்று கடைக்காரர் வேறு அட்டை கொடுத்தால், மூன்று மாத்திரை என்ற பழக்கம் மட்டும் மனதில் நின்று, 10 மி.கி. மாத்திரையில் மூன்று போய்விடலாம். மில்லிகிராமையும் மாத்திரை எண்ணிக்கையையும் பிரிக்காமல் ஒரே வரியில் எழுதுவது இதற்காகத்தான்.

தாளில் இல்லாத ஒன்றைச் சேர்க்கும்போது அது சேர்த்தது என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும். ரத்த அணு குறைவுக்கான காய்ச்சல், தொண்டைவலி அப்படிச் சேர்த்தவை. மருத்துவருக்கு எழுதிய தாள் அணுக்களின் பெயரோடு நிறுத்திவிடும். வீட்டில் இருப்பவருக்கு அணு தெரியாது, காய்ச்சல் தெரியும். ஆனால் அதைத் தாள் சொன்னது போல எழுதிவிட்டால், பிறகு சரிபார்க்கிறவர் படத்தில் தேடிக் கிடைக்காமல் முழுக் குறிப்பையும் சந்தேகிப்பார்.

குறிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மருத்துவரிடம் போனோம். ஐந்து நிமிடம் படித்தார். ஃபோலிக் அமில வரியை அடித்துவிட்டு, அதன் மேல் ‘புதன், கட்டாயம்’ என்று எழுதினார். முதல் வரியில் ‘வாரத்தில் ஒரே நாள்’ என்பதன் பக்கத்தில் ‘ஞாயிறு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஞாயித்துக்கிழமை மறந்துட்டா என்ன செய்யணும்னு இதுல இல்லையே?” என்றார். தாளில் இல்லை, அதனால் நான் எழுதவில்லை என்றேன். அந்த வரியை அவரே சொல்லச் சொல்ல, அம்மா தன் கையால் எழுதிக்கொண்டார்.